வேடந்தாங்கலுக்கு ஒரு வகுப்பை அழைத்துச் செல்வது எப்படி: களப்பயணத் திட்டமிடல் பற்றி ஆசிரியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை

அவையோருக்கு வணக்கம். களப்பயணத்தைத் திட்டமிடுவது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். எல்லாப் பயணங்களுக்கும் பொதுவாகச் சொல்லிக்கொண்டு போவதைவிட, ஒரே ஒரு பயணத்தை எடுத்துக்கொண்டு, அதை முதலிலிருந்து முடிவு வரை உங்களோடு சேர்ந்து திட்டமிட்டுப் பார்ப்பதே பயனுள்ளது என்று கருதுகிறேன். செங்கல்பட்டில் உள்ள ஓர் அரசுப் பள்ளி, எட்டாம் வகுப்பு, 48 மாணவர்கள், செல்லுமிடம் வேடந்தாங்கல் என்று வைத்துக்கொள்வோம். பேருந்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம்தான்.

முதல் கேள்வி, அங்கே எதற்காகப் போகிறோம் என்பது. பெரும்பாலான திட்டக் குறிப்புகளில் ‘பறவைகளைப் பற்றி அறிந்துகொள்ளுதல்’ என்று ஒரு வரி இருக்கும். இதைக் கற்றல் நோக்கமாக ஏற்க முடியாது. பயணம் முடிந்த பின் அது நிறைவேறியதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது என்பதே காரணம். மாணவர் எதைக் கண்ணால் பார்க்கப் போகிறார், பார்த்ததை எப்படிப் பதிவு செய்யப் போகிறார், அந்தப் பதிவிலிருந்து எந்த முடிவுக்கு வரப் போகிறார் என்ற மூன்றும் நோக்கத்தில் இருக்க வேண்டும்.

வேடந்தாங்கலுக்கு நான் பரிந்துரைக்கும் நோக்கம் இது: ‘ஏரியிலுள்ள மரங்களில் கூடு கட்டும் பறவைகள் தங்கள் உணவை அந்த ஏரியிலேயே தேடுகின்றனவா, வெளியே சென்று தேடுகின்றனவா என்பதைத் தாங்களே எண்ணிய எண்ணிக்கையைச் சான்றாகக் காட்டி மாணவர்கள் விளக்குவார்கள்.’ அந்த ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர். நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம் என்று ஆயிரக்கணக்கான பறவைகள் அங்கே குடும்பம் நடத்துகின்றன. அத்தனைக்கும் அதன் குஞ்சுகளுக்கும் அந்தச் சிறிய ஏரி உணவு தந்துவிட முடியாது. அவற்றில் பெரும்பாலானவை சுற்றுப்புற ஏரிகளுக்கும் வயல்களுக்கும் பறந்து சென்று இரை தேடித் திரும்புகின்றன. இதைப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படிப்பதற்கும், கரையில் நின்று பத்து நிமிடம் எண்ணிக் கண்டுபிடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டுக்காகத்தான் இத்தனை பேரைப் பேருந்தில் ஏற்றுகிறோம்.

எண்ணும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 48 பேரை எட்டுப் பேர் கொண்ட ஆறு குழுக்களாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு குழுவிலும் நால்வர் கொண்ட இரண்டு அணிகள். ஓர் அணியில் ஒருவர் உள்ளே வரும் பறவைகளையும், இன்னொருவர் வெளியே போகும் பறவைகளையும் பார்த்துச் சொல்ல, மூன்றாமவர் கோடு போட்டுக் குறிக்க, நான்காமவர் கைக்கடிகாரத்தையும் திசைகாட்டியையும் பார்த்துக்கொள்கிறார். இரண்டு அணிகளும் ஒரே மரக்கூட்டத்தை ஒரே பத்து நிமிடம் தனித்தனியாக எண்ண வேண்டும். இரண்டு எண்ணிக்கையும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. ஏன் ஒத்துப்போகவில்லை என்று அவர்கள் தங்களுக்குள் விவாதிப்பது, அறிவியல் பாடத்தில் நாம் நடத்தும் அளவீட்டுப் பிழை என்னும் பகுதிக்கு எந்தச் செய்முறைத் தேர்வையும்விட நன்றாக உதவும். இந்த வேலைக்குத் தொலைநோக்கி தேவையில்லை. வெறும் கண்ணே போதும்.

இங்கே மாணவர்கள் தவறான முடிவுக்குப் போகக்கூடிய ஓரிடம் உண்டு. திரும்பி வரும் நாரையின் அலகில் மீன் எதுவும் தெரியாது. அதனால் ‘வெறும் அலகோடு வந்தது’ என்று எழுதிவிடுவார்கள். நாரைகளும் நீர்க்காகங்களும் இரையை விழுங்கிக்கொண்டு வந்து, கூட்டில் குஞ்சுகளுக்குக் கக்கி ஊட்டுகின்றன. நீர்க்காகத்தின் குஞ்சு தாயின் வாய்க்குள்ளேயே தலையை விட்டு எடுத்து உண்ணும். எனவே, வந்து இறங்கிய பறவையின் கூட்டை ஒரு நிமிடம் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்பதைப் பணித்தாளிலேயே அச்சிட்டுவிட வேண்டும். அலகில் குச்சி இருந்தால் அதைத் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். அது கூடு கட்டும் வேலை இன்னும் நடக்கிறது என்பதற்கு அடையாளம். ஏரியிலேயே முங்கி மீன் பிடிக்கும் நீர்க்காகத்தைக் கண்டால் அதையும் விடாமல் எழுத வேண்டும். நாம் எதிர்பார்க்கும் விடைக்கு மாறான சான்றையும் பதிவு செய்யக் குழந்தைகள் பழக வேண்டும் என்பதில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு.

நோக்கம் தெளிவானால் நாளும் நேரமும் தாமாகவே முடிவாகும். பருவம் நவம்பர் முதல் மார்ச் வரை. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பினால்தான் பறவைகள் கூடு கட்டும் என்பதால், தேதி குறிக்கும் முன் வனத்துறை அலுவலகத்தில் தண்ணீர் நிலையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். குஞ்சுகளுக்கு இரையூட்டும் காட்சியைப் பார்க்க ஜனவரி கடைசியும் பிப்ரவரியும் ஏற்றவை. பொங்கல் வாரத்தையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் தவிருங்கள். கூட்டத்தில் எண்ணவும் முடியாது, பிள்ளைகளைக் கண்காணிக்கவும் முடியாது. பறவைகளின் போக்குவரத்து காலையில் நன்றாகத் தெரியும். ஏழு மணிக்குப் பள்ளியிலிருந்து புறப்பட்டு, பிற்பகல் இரண்டு மணிக்குள் திரும்பிவிடலாம்.

திரும்பும் நேரத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2022 அக்டோபரில், கேரளத்தில் பள்ளி மாணவர்களோடு உதகைக்குப் புறப்பட்ட சுற்றுலாப் பேருந்து ஒன்று, வடக்கஞ்சேரி அருகே நள்ளிரவை ஒட்டிய நேரத்தில் அரசுப் பேருந்தின் பின்புறம் மோதியதில் ஐந்து மாணவர்களும் ஓர் ஆசிரியரும் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். இடர் மதிப்பீடு என்றதும் நம் மனம் பாம்பையும் தேனீயையும் நினைக்கிறது. பிள்ளைகளுக்கான பேராபத்து பெரும்பாலும் சாலையில்தான் இருக்கிறது. இரவுப் பயணம் கூடாது, ஓட்டுநர் முந்தைய இரவு வண்டி ஓட்டியவராக இருக்கக் கூடாது, தகுதிச் சான்றும் காப்பீடும் நடப்பில் இருக்க வேண்டும் என்பவற்றை வண்டி பேசும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இடர் மதிப்பீட்டை மேசையில் உட்கார்ந்து எழுத முடியாது. பொறுப்பாசிரியர் ஒருவர் முன்கூட்டியே, பயணத்துக்குத் திட்டமிட்ட அதே கிழமையில், அதே நேரத்தில் அங்கே போய்க் கரை முழுவதும் நடந்து பார்க்க வேண்டும். பேருந்து எங்கே நிற்கும், இறங்கும் பக்கம் சாலையா ஓரமா, தடுப்புக் கம்பியில் இடைவெளி எங்கே இருக்கிறது, மாணவியருக்கான கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, அலைபேசி எங்கெங்கே எடுக்கவில்லை, மதுராந்தகம் அரசு மருத்துவமனைக்குப் போக எத்தனை நிமிடம் ஆகும் என்பவற்றை நேரில் பார்த்துக் குறிக்க வேண்டும்.

பிறகு ஒவ்வோர் இடருக்கும் இரண்டு எண் கொடுக்கிறோம்: நிகழும் வாய்ப்பு ஒன்று முதல் மூன்று வரை, நிகழ்ந்தால் விளையும் கேடு ஒன்று முதல் மூன்று வரை. கரையிலிருந்து சறுக்கித் தண்ணீரில் விழுவதை எடுத்துக்கொள்வோம். வாய்ப்பு இரண்டு, கேடு மூன்று, பெருக்கினால் ஆறு. ‘மாணவர்கள் கவனமாக இருக்க வேண்டும்’ என்று எதிரே எழுதினால் அந்த ஆறு ஆறாகவே இருக்கும். எந்தக் குழு எந்த இடத்தில் நின்று எண்ணும் என்று முன்பே குறித்து, தடுப்பு இல்லாத பகுதியை விட்டுவிட்டு, மாணவருக்கும் தண்ணீருக்கும் நடுவே குழுப் பொறுப்பாளர் நிற்பார் என்று எழுதினால் வாய்ப்பு ஒன்றாகக் குறையும். கேடு அப்போதும் மூன்றுதான்; அது குறையாது என்பதால்தான் பொறுப்பாளர் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. ஆறு குழுவுக்கு ஆறு பெரியவர்கள் தவிர, எந்தக் குழுவிலும் சேராத இருவர் வேண்டும். ஒரு குழந்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தால், அதனால் எந்தக் குழுவும் பொறுப்பாளர் இன்றி நிற்கக் கூடாது.

தலைகளை எண்ணுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அரசுப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் ஒரே சீருடை. அதே நாளில் வேறொரு பள்ளியும் வந்திருந்தால், 48 தலை சரியாக இருந்தும் நம் பிள்ளை ஒன்று வெளியே நிற்கலாம். எனவே தலையை எண்ணாமல், குழுவாரியாகப் பெயர் வாசித்துப் பதில் வாங்க வேண்டும். கையில் குழுவுக்கு ஒரு நிற நாடாவும் கட்டிவிடலாம்.

அடுத்தது பெற்றோரின் ஒப்புதல் கடிதம். ‘எது நேர்ந்தாலும் பள்ளி பொறுப்பல்ல’ என்ற வரியை இன்றும் பல படிவங்களில் பார்க்கிறேன். அந்த வரி பள்ளியைக் காப்பாற்றாது. 1995 மே மாதம் ஒரு பள்ளிச் சுற்றுலாவின்போது பியாஸ் ஆற்றில் 14 மாணவர்கள் மூழ்கி இறந்த வழக்கில், உடன் சென்ற ஆசிரியர்களின் கவனக்குறைவுக்குப் பள்ளி நிர்வாகம் பொறுப்பேற்க வேண்டும் என்றும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் வழங்கப்பட்ட தீர்ப்பை 2001-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பெற்றோர் தெரிந்துகொண்டு முடிவெடுக்கவும், நமக்குத் தேவையான தகவலை அவர்களிடமிருந்து பெறவும்தான் இந்தக் கடிதம்.

ஆகவே தேதி, புறப்படும் நேரம், திரும்பும் நேரம், வண்டி, செலவு ஆகியவற்றோடு, ‘பிள்ளைகள் ஏரிக்கரையில் சுமார் இரண்டு மணி நேரம் இருப்பார்கள், தண்ணீரில் இறங்க மாட்டார்கள்’ என்று வெளிப்படையாக எழுத வேண்டும். வலிப்பு, இழுப்பு, ஒவ்வாமை, உட்கொள்ளும் மருந்து, அவசரத்தில் அழைக்க இரண்டு எண்கள், மருத்துவ உதவிக்குச் சம்மதம் ஆகியவற்றைக் கேட்க வேண்டும். படம் எடுப்பதற்கான சம்மதத்தைத் தனி வரியில் வையுங்கள். ‘அனுப்ப விருப்பமில்லை’ என்ற கட்டமும் இருக்கட்டும். அதற்குக் காரணம் கேட்காதீர்கள். பணமில்லை என்று எழுத எந்தத் தாயையும் நாம் வற்புறுத்தக் கூடாது. படிக்கத் தெரியாத பெற்றோர் இருந்தால் பெற்றோர் கூட்டத்தில் வாசித்துக் காட்ட வேண்டும். பிள்ளையே அப்பாவின் கையெழுத்தைப் போட்டுக்கொண்டு வருவதும் நடப்பதுதான் என்பதால், ஐயமுள்ள இடத்தில் தொலைபேசியில் பேசிவிடுங்கள். இவ்வளவும் வாங்கிப் பள்ளி பீரோவில் பூட்டிவைத்தால் ஏரிக்கரையில் பயன் இல்லை. ஒவ்வொரு பொறுப்பாளர் கையிலும், தன் எட்டுப் பிள்ளைகளின் மருத்துவக் குறிப்பும் தொலைபேசி எண்களும் ஒரே அட்டையில் இருக்க வேண்டும்.

இனித் தொடர்பணி. ‘பயணக் கட்டுரை எழுதுக’ என்றால், காலையில் எழுந்து பல் துலக்கியதிலிருந்து தொடங்கும் 48 கட்டுரைகள் கிடைக்கும். அதற்கு மாறாக, அடுத்த அறிவியல் வகுப்பிலேயே பன்னிரண்டு அணிகளின் எண்ணிக்கையையும் கரும்பலகையில் ஏற்றுங்கள். கரிக்கிலி உள்ளிட்ட சுற்றுவட்டார ஏரிகளைக் காட்டும் வரைபடம் ஒன்றை வைத்து, பறவைகள் போன திசைகளை அம்புக்குறியால் வரையச் சொல்லுங்கள். எண்ணிக்கைக்கேற்ப அம்பின் தடிமன் மாறட்டும். பயணத்துக்கு வராத பிள்ளைகள் இந்த இடத்தில் முழுமையாகச் சேர்ந்துகொள்ளலாம். எண்களைத் தொகுப்பதும், ஒத்துப்போகாத அணிகளைக் கேள்வி கேட்பதும் அவர்கள் பணி.

அந்த வரைபடத்தின் மேல் ஒரு கேள்வியை வைக்கிறோம்: ‘சுற்றியுள்ள ஏரிகள் வறண்டு, வேடந்தாங்கலில் மட்டும் தண்ணீர் இருந்தால் என்ன ஆகும்?’ வேகமாகச் சிந்திக்கும் மாணவருக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. பறவைகளின் எச்சம் கலந்த அந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகிறது என்பதை அறிந்திருந்த ஊர்மக்கள், 1798-இலேயே ஆங்கிலேய ஆட்சியரிடம் பறவைகளைக் காக்க உத்தரவு வாங்கினார்கள். 2022-இல் அது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. இந்தப் பாதுகாப்பு ஏரியின் எல்லைக்குள் மட்டும் இருந்தால் போதுமா என்று அவர்கள் தங்கள் அம்புக்குறிகளைக் காட்டி வாதிடட்டும்.

மதிப்பெண் இடுவதற்கு ஒரு வழி சொல்லி முடித்துக்கொள்கிறேன். ‘வேடந்தாங்கல் பறவைகள் எங்கே சாப்பிடுகின்றன, உனக்கு எப்படித் தெரியும்?’ என்ற கேள்வியைப் பயணத்துக்கு முந்தைய வாரமே கொடுத்து, விடைத்தாள்களைத் திருத்தாமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொடர்பணி முடிந்ததும் அதே கேள்வியை மீண்டும் கொடுங்கள். விடையின் முதல் பகுதி மாறியிருக்கிறதா என்பதைவிட, ‘எப்படித் தெரியும்’ என்ற இரண்டாம் பகுதியில் ‘டீச்சர் சொன்னாங்க’ என்பதற்குப் பதிலாக மாணவர் தம் அணியின் எண்ணிக்கையை எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். மதிப்பெண்ணை அதற்கே கொடுங்கள்.