கடைசியாகக் குடித்தது எப்போது?

(சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தில், மருத்துவமனை மருந்தாளர் ஒருவர் தமிழில் ஆற்றிய உரை)

எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமை சாயங்காலத்தை எனக்காக ஒதுக்கி வந்திருக்கிறீர்கள், நன்றி.

ஒரு நோயாளியின் கதையோடு ஆரம்பிக்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் அண்ணன், வயது 54. ஒரு செவ்வாய்க்கிழமை காலை 7 மணிக்கு வேலைக்குக் கிளம்பும்போது, அடுக்குமாடி வீட்டின் படிக்கட்டில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. மறுநாள் காலை அறுவை சிகிச்சை என்று வார்டில் சேர்த்தார்கள். தாதி வழக்கமான கேள்விகளைக் கேட்டார். "குடிப்பீங்களா?" என்ற கேள்விக்கு அவர், "எப்பவாவது ரெண்டு பெக்" என்றார். பக்கத்தில் மாமியாரும் கல்லூரியில் படிக்கும் மகளும் நின்றுகொண்டிருந்தார்கள். வேறு என்ன சொல்வார்?

அன்று மதியம் 3 மணிக்குக் கை நடுங்கியது. வியர்த்தது. நாடி நிமிடத்துக்கு 110. வலி என்று நினைத்து வலி மாத்திரை கொடுத்தார்கள். புதன் விடியற்காலை 4 மணிக்கு அவருக்கு வலிப்பு வந்தது. வாழ்நாளில் அதற்கு முன் ஒருமுறைகூட வலிப்பு வந்ததில்லை.

ஏன் வந்தது என்று புரிய, மூளைக்குள் கொஞ்ச தூரம் போய்வர வேண்டும்.

நம் மூளையில் ஒரு நரம்பணு இன்னொன்றை "ஓடு" என்று தூண்டும்போது பெரும்பாலும் பயன்படுத்துவது குளூட்டமேட் என்ற பொருள். அதுதான் ஆக்சிலேட்டர். "நில்" என்று அடக்குவதற்கான முக்கியமான பொருள் காமா-அமினோபியூட்ரிக் அமிலம். சுருக்கமாக காபா. மூளையில் அது இருப்பதை 1950இல்தான் கண்டுபிடித்தார்கள். என்னை இன்றும் வியக்க வைக்கும் விஷயம், காபா அந்தக் குளூட்டமேட்டிலிருந்தேதான் தயாராகிறது என்பது. ஒரே ஒரு நொதி, ஒரே ஒரு படி, ஆக்சிலேட்டர் பிரேக்காகிவிடுகிறது. அந்த நொதி வேலை செய்ய வைட்டமின் பி6 வேண்டும். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு குழந்தைப் பால் உணவில், தயாரிப்பின்போது சூட்டில் பி6 அழிந்துபோனது. அதைக் குடித்த கைக்குழந்தைகளுக்கு வலிப்பு வந்தது. பி6 கொடுத்ததும் நின்றது. பிரேக் குறைந்தால் மூளை என்ன செய்யும் என்பதற்கு அந்தக் குழந்தைகளே சாட்சி.

சரி, காபா எப்படி நிறுத்துகிறது? ஓய்வில் இருக்கும் நரம்பணுவின் உள்ளே வெளியைவிட சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தம் இருக்கும். அது மைனஸ் 55 வரை ஏறிவிட்டால் அணு தூண்டப்படும், செய்தி ஓடும். நரம்பணுவின் மேல்தோலில் காபாவுக்கென்று ஓர் ஏற்பி இருக்கிறது. ஐந்து துண்டுகள் வட்டமாக நின்று நடுவில் ஒரு சின்னக் கதவை வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். காபா வந்து உட்கார்ந்தால் கதவு திறக்கும். குளோரைடு உள்ளே வரும். குளோரைடு எதிர்மின் சுமை கொண்டது, அதனால் அணுவை அந்த 55ஐத் தொடவிடாமல் கீழேயே பிடித்து வைக்கும். சில மில்லிசெகண்டு வேலை, அவ்வளவுதான். இது மூளை முழுக்க ஒவ்வொரு நொடியும் நடக்கிறது.

இப்போது மருந்துக்கு வருவோம். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் டயஸிபாம், லொராஸிபாம் மாதிரியான பென்ஸோடயஸிபைன் மாத்திரைகள் காபா உட்காரும் இடத்தில் உட்காருவதில்லை. அதே ஏற்பியில், இரண்டு துண்டுகளுக்கு நடுவே வேறு ஒரு சந்தில் போய் உட்காருகின்றன. அங்கிருந்து, காபா வரும்போது கதவு அடிக்கடி திறக்கும்படி செய்கின்றன. காபா வராவிட்டால் அவற்றால் கதவைத் திறக்க முடியாது. இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாத்திரைகள் நம் மூளை ஏற்கெனவே போடும் பிரேக்கை அழுத்தமாக்கலாம், தாங்களாகப் பிரேக் போட முடியாது. அதனால் தனியாக, வாய்வழி எடுத்தால் அளவு மீறினாலும் பெரும்பாலும் உயிர் தப்பிவிடுகிறார்கள்.

இவற்றுக்கு முன்னால் தூக்கத்துக்குப் புழக்கத்தில் இருந்த பார்பிட்யூரேட் மருந்துகள் அப்படியில்லை. அவை கதவை நீண்ட நேரம் திறந்து வைக்கும், அளவு கூடினால் காபா இல்லாமலே திறக்கும். தூக்கத்துக்கும் மூச்சு நிற்பதற்கும் இடையே உள்ள தூரம் அதில் மிகக் குறைவு. 1960இல் முதல் பென்ஸோடயஸிபைன் விற்பனைக்கு வந்ததும் மருத்துவர்கள் அதன் பக்கம் சாய்ந்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

மது எங்கே வருகிறது? மது அதே காபா ஏற்பியின் வேலையைக் கூட்டுகிறது. அதோடு நிற்காமல் குளூட்டமேட்டின் ஒரு முக்கிய ஏற்பியை அடைக்கவும் செய்கிறது. ஒரு கால் பிரேக்கில், ஒரு கை ஆக்சிலேட்டரை மிதிக்கவிடாமல் தடுக்கிறது. இரவு தூக்க மாத்திரை போடுகிறவர் அதன் மேல் இரண்டு கிளாஸ் விஸ்கியும் குடித்தால், மாத்திரைக்கு என்று நான் சொன்ன அந்தப் பாதுகாப்பு வரம்பு போய்விடும். மூச்சை ஓட்டும் மூளைத்தண்டு மந்தமாகும். குறட்டை கனத்து, மூச்சுகளுக்கு இடையே இடைவெளி நீண்டு, தட்டி எழுப்பினாலும் ஆள் எழாவிட்டால் அது நல்ல தூக்கம் இல்லை. பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு உடனே 995ஐ அழையுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

நம் அண்ணனுக்கு நடந்தது இதற்கு நேர் எதிரானது. வலிப்புக்குப் பிறகு அவர் மனைவியை வராந்தாவுக்குத் தனியாக அழைத்துக் கேட்டார்கள். ஒரு நிமிடம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தினமும் அரை பாட்டில். பத்து வருஷமா" என்றார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 750 மில்லி பாட்டிலில் பாதி 375 மில்லி. அதில் 40 விழுக்காடு மது, அதாவது 150 மில்லி. எடையில் சுமார் 118 கிராம். 30 மில்லி பெக்காக ஊற்றினால் பன்னிரண்டரை பெக். கடைசிக் கிளாஸ் திங்கள் இரவு 11 மணிக்கு. செவ்வாய் மதியத்துக்குள் ரத்தத்தில் மது ஏறக்குறைய தீர்ந்திருக்கும். கை நடுங்கியது அப்போதுதான்.

பத்து வருஷமாக ஒவ்வொரு இரவும் யாரோ பிரேக்கை அழுத்திக்கொண்டே இருந்தால் மூளை சும்மா இருக்காது. வேலைக்குப் போக வேண்டும், பேச வேண்டும், நடக்க வேண்டும். அதனால் மெல்ல மெல்ல ஈடு செய்துகொள்கிறது. காபா ஏற்பிகளின் உணர்திறன் குறைகிறது, அவற்றின் துண்டுகளே மாறுகின்றன, குளூட்டமேட் ஏற்பிகள் பெருகுகின்றன. பிரேக் பிடித்தபடியே ஓடும் லாரியை ஓட்ட ஆக்சிலேட்டரை ஆழமாக மிதிப்பது போல. "அவரு எவ்வளவு குடிச்சாலும் ஸ்டெடிங்க" என்று நாம் பெருமையாகச் சொல்கிறோமே, அது இந்த மிதிதான். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, பயப்பட நிறைய இருக்கிறது. ஏனென்றால் மது சில மணி நேரத்தில் போய்விடும். மிதித்த கால் உடனே மேலே வராது. மூளை பழைய நிலைக்குத் திரும்ப நாள்கள், சிலருக்கு வாரங்கள் ஆகும்.

அந்த இடைவெளியில் நடப்பதற்கு ஓரளவு கால ஒழுங்கு உண்டு. கடைசிக் கிளாஸுக்கு 6 மணி நேரத்துக்குப் பிறகு நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை தொடங்கலாம். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். அண்ணனுக்கு 29ஆவது மணி நேரத்தில் வந்தது. இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை இன்னொரு கட்டம் இருக்கிறது. காய்ச்சல், குழப்பம், இல்லாததெல்லாம் கண்ணில் தெரிவது. எல்லோருக்கும் வராது. வந்து கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். புகையிலையோ அபினோ திடீரென்று நிறுத்தினால் படும் வேதனை வேறு. மதுவும் தூக்க மருந்துகளும் நிறுத்தும்போதே கொல்லக்கூடியவை.

சிகிச்சை என்ன தெரியுமா? டயஸிபாம். கேட்பதற்கு விநோதமாக இருக்கும். குடியை நிறுத்திய ஆளுக்கு மயக்க மாத்திரையா என்று அவர் மனைவியே கேட்டார். மது விட்டுப்போன ஏற்பியில் இந்த மருந்து போய்ப் பிரேக்கைப் பிடிக்கிறது. உடலிலிருந்து பல நாள் எடுத்து மெதுவாக இறங்குவதால், மூளைக்குக் காலை எடுக்க அவகாசம் கிடைக்கிறது. தாதிகள் சில மணிக்கு ஒருமுறை நடுக்கம், வியர்வை, பதற்றம், குழப்பம் என்று பத்து அம்சங்களுக்கு மதிப்பெண் போடுவார்கள். மதிப்பெண் ஏறினால் மருந்து, இறங்கினால் காத்திருப்பது. கல்லீரல் மோசமாக இருப்பவருக்கும் வயதானவருக்கும் லொராஸிபாமைத் தேர்ந்தெடுப்பது வழக்கம், டயஸிபாம் அவர்கள் உடலில் தேங்கிவிடும். கூடவே வைட்டமின் பி1 ஊசி. அதிகம் குடிப்பவர்களுக்கு அது வற்றிப்போயிருக்கும், கொடுக்கத் தவறினால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போகலாம்.

அப்படியும் வியாழன் இரவு அவர் போர்வையில் எறும்பு ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தார். மருந்தின் அளவைக் கூட்டினார்கள், விளக்கைப் போட்டே வைத்தார்கள், மனைவியைப் பக்கத்தில் இருக்கச் சொன்னார்கள். சனிக்கிழமை தெளிந்தார். கணுக்கால் அறுவை சிகிச்சை ஒரு வாரம் தள்ளிப்போனது.

தூக்க மாத்திரையைப் பல மாதமாகத் தினமும் போடும் பெரியவர்களுக்கும் இதே கதைதான். வெளிநாட்டுப் பயணத்தில் மாத்திரையை மறந்துவிட்டு வந்து, மூன்றாம் நாள் நடுக்கத்தோடு அவசரப் பிரிவுக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நிறுத்த வேண்டும் என்றால் மருத்துவர் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொடுப்பார்.

உரை முடிந்ததும் இரண்டு கேள்விகள் வந்தன. முதலாவது, கடையில் 'காபா' என்றே பெயர் போட்டு மாத்திரையும் சாக்லேட்டும் விற்கிறார்களே, அது உதவுமா என்பது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பைக் காபா எளிதில் தாண்டாது. சாப்பிட்ட காபா மூளையின் பிரேக்கில் போய் உட்காரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றேன்.

இரண்டாவது கேள்வியைப் பின்வரிசையில் ஓர் அக்கா எழுந்து கேட்டார். "எங்கப்பாவுக்குத் திங்கட்கிழமை முழங்கால் ஆபரேஷன். தினமும் குடிப்பாரு. மானம் போயிடும்னு சொல்லமாட்டாரு. நான் என்ன செய்யணும்?" நான் சொன்னேன்: நாளைக்கே மருத்துவமனைக்குக் கூப்பிட்டு மயக்க மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். அன்றைக்கு ஒரு தாளும் கொண்டுபோங்கள். அதில் மூன்று வரி போதும். என்ன குடிக்கிறார், ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாகக் குடித்தது எந்த நாள், எத்தனை மணிக்கு. முன்பு நிறுத்தியபோது வலிப்போ குழப்பமோ வந்திருந்தால் நாலாவது வரியாக எழுதுங்கள், ஏனென்றால் ஒருமுறை வந்தவருக்கு அடுத்த முறை இன்னும் கடுமையாக வரக்கூடும். அப்பாவை இன்றிரவே திடீரென்று நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். அவர் முன்னால் கொடுக்கத் தயங்கினால், தாதியின் கையில் மடித்துக் கொடுங்கள்.

அக்கா கைப்பையிலிருந்து பேனா எடுத்தார்.