நிறுவனத்திடம் உங்கள் சாட் பதிவைக் கேட்டுப் பெறுவது எப்படி?

[திரையில்: கைப்பேசியில் மூடப்பட்ட சாட் பெட்டி]

வணக்கம். லண்டனில் வாழும் ஒருவர் இணையக் கடையில் ஃபிரிட்ஜ் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அது பழுதாக வந்துசேர, ஜூன் 12 அன்று கடையின் சாட் வழியே முறையிட்டார். முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் என்று ஊழியர் எழுதினார். ஆகஸ்டில் கடை, அப்படி எதுவும் சொல்லவில்லை என்கிறது. சாட் பெட்டியை மூடியபோதே அந்த உரையாடல் வாடிக்கையாளரின் கையை விட்டுப் போய்விட்டது, ஆனால் கடையின் சேமிப்பில் இன்னும் இருக்கக்கூடும்.

அதன் நகலைக் கேட்கும் உரிமையை பிரிட்டனின் தரவுப் பாதுகாப்பு விதிகளில் 15 ஆம் பிரிவு தருகிறது. பொதுவாகக் கட்டணம் இல்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லவும் வேண்டியதில்லை.

[திரையில்: கடிதம்]

"என்னைப் பற்றிய எல்லாத் தரவும் வேண்டும்" என்று மட்டும் எழுதினால், பெயரும் முகவரியும் ஆர்டர் பட்டியலும் வந்து நின்றுவிடுவதுண்டு. சாட் பதிவுகள் பல நிறுவனங்களில் வேறொரு மென்பொருளில் இருப்பதே காரணம். ஆகவே எங்கே தேட வேண்டும் என்பதைக் கடிதமே காட்ட வேண்டும். ஆங்கிலத்தில் அனுப்பும் மின்னஞ்சலின் சாரம் இப்படி இருக்கலாம்:

"15 ஆம் பிரிவின்கீழ் என் தனிப்பட்ட தரவின் நகலைக் கோருகிறேன். குறிப்பாக, இந்த மின்னஞ்சல் முகவரியிலும் இந்த ஆர்டர் எண்ணிலும் ஜூன் 10 முதல் 20 வரை நடந்த சாட் உரையாடல்கள் முழுவதும், நேரக் குறிப்புகளுடனும் இருதரப்புச் செய்திகளுடனும், நான் அனுப்பிய படங்களுடனும், என் புகார் குறித்து உங்கள் ஊழியர்கள் எழுதிய குறிப்புகளுடனும் வேண்டும். வாடிக்கையாளர் சேவை மென்பொருளிலும் தேடுங்கள்."

'இருதரப்பு' என்ற சொல்லை நான் வலியுறுத்துவேன். வாக்குறுதி இருப்பது ஊழியர் எழுதிய வரியில்தான்.

செப்டம்பர் 3 அன்று கடைக்குக் கடிதம் கிடைத்தால், அக்டோபர் 3 க்குள் பதில் வர வேண்டும். சிக்கலான கோரிக்கை என்றால் மேலும் 2 மாதம் நீட்டலாம். அதையும் காரணத்துடன் முதல் மாதத்துக்குள்ளேயே தெரிவிக்க வேண்டும். நீங்கள் யார் என்பதில் நியாயமான ஐயம் இருந்து சான்று கேட்டால், அது கிடைத்த நாளிலிருந்தே கெடு ஓடும். எனவே சான்றைத் தாமதிக்காதீர்கள்.

ஊழியரின் பெயரை மறைத்து அனுப்பலாம். அவர் எழுதிய வாக்குறுதி உங்களைப் பற்றிய செய்தி என்பதால், பெயரோடு சேர்த்து அதையும் மறைப்பதை ஏற்காதீர்கள். வந்த கோப்பில் நேரக் குறிப்பு 10:14 இலிருந்து 10:31 க்குத் தாவினால், இடையில் வந்த செய்திகள் எங்கே என்று எழுதிக் கேளுங்கள்.

கோரிக்கை வந்தபின், தரவு உங்கள் கையில் சேராமல் தடுக்கும் நோக்கத்துடன் அதை அழிப்பது பிரிட்டனின் 2018 ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 173 ஆம் பிரிவின்படி குற்றம். அதற்கு முன்பே வழக்கமான காலக்கெடுவில் அழிந்துபோனதை மீட்டுத் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள் அல்லர். அதனால் தகராறு தொடங்கிய வாரத்திலேயே எழுதுங்கள். பதில் வராவிட்டால் முதலில் நிறுவனத்திடமே புகார் செய்து, பிறகு தரவுப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் தகவல் ஆணையரகத்தை அணுகலாம்.