யாருக்கு என்று முடிவெடுத்தால்தான் எதை என்று தெரியும்: ப்ரொடக்ட் சென்ஸ் கேள்விக்கு விளக்கம்

கேள்வி: "வணக்கம் அண்ணா, நான் மாங்குளம். போன கிழமை ப்ரொடக்ட் மனேஜர் வேலைக்கு ஒரு இன்டர்வியூவில் 'நெல் செய்கிற கமக்காரருக்கு ஏதாவது ஒன்றை வடிவமையுங்கள்' என்று கேட்டார்கள். கடகடவென்று 12 வசதிகள் சொன்னேன். 'இதில் எதை முதலில் கட்டுவீர்கள், ஏன்?' என்று கேட்டதும் எனக்கு வாய் வரவில்லை. எதைக் கட்டுவது என்று எப்படித் தெரிவு செய்வது?"

வணக்கம் தங்கச்சி. இந்தக் கேள்வி வந்து நாலு நாள் ஆகிறது, நாலு நாளும் மண்டைக்குள் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, ஆனால் பதில் நீங்கள் கேட்ட இடத்தில் இல்லை. எதைக் கட்டுவது என்று நீங்கள் தடுமாறியதற்குக் காரணம் அதற்கு இருபது நிமிடம் முன்னாலேயே நடந்துவிட்டது. "கமக்காரர்" என்று அவர்கள் சொன்னதை அப்படியே பாவனையாளராக எடுத்துக்கொண்டிருப்பீர்கள். வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்கு நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியும், மாற்றிப் பார்க்கும் சோதனை. நீங்கள் சொன்ன ஆளை எடுத்துவிட்டு வேறு ஒருவரை அந்த இடத்தில் வையுங்கள். உங்கள் வசதிப் பட்டியல் மாறாமல் அப்படியே இருந்தால் நீங்கள் யாரையும் தெரிவு செய்யவில்லை. வானிலைத் தகவல், சந்தை விலை, உரம் எங்கே கிடைக்கும், நிபுணரிடம் கேள்வி கேட்கும் இடம். இது நெல் செய்கிறவருக்கும் பொருந்தும், கச்சான் போடுகிறவருக்கும் பொருந்தும், வீட்டுத் தோட்டக்காரருக்கும் பொருந்தும். அப்படியான பட்டியலில் இருந்து ஒன்றை எடு என்றால் யாராலும் எடுக்க முடியாது, ஏனென்றால் எடைபோட ஒரு தராசே அங்கே இல்லை.

சரி, அதே கேள்வியை நான் ஒருமுறை செய்து காட்டுகிறேன். உங்களுக்கு 45 நிமிடம் தந்திருந்தால் அறிமுகமும் கடைசிக் கேள்விகளும் போக 35 நிமிடம்தான் கையில் இருக்கும். அதில் பத்து நிமிடத்தை ஆளைத் தெரிவு செய்யவே செலவழிக்கலாம், பயப்பட வேண்டாம். மெட்டா மாதிரி நிறுவனங்களில் ப்ரொடக்ட் சென்ஸ் என்று இதற்குத் தனிச் சுற்றே வைக்கிறார்கள். அங்கேயும் பார்ப்பது யோசனைகளின் எண்ணிக்கையை இல்லை, ஒரு முடிவிலிருந்து அடுத்த முடிவு எப்படிப் பிறக்கிறது என்பதைத்தான்.

முதலில் கேள்வியைச் சுருக்க வேண்டும். "நெல் செய்கையில் உழவு, விதைப்பு, தண்ணீர், அறுவடை, விற்பனை என்று கட்டங்கள் உண்டு, நான் அறுவடையை எடுக்கிறேன், சம்மதமா?" என்று கேளுங்கள். காரணத்தையும் உடனே சொல்லுங்கள். மற்றக் கட்டங்களில் இரண்டு மூன்று நாள் பிந்தினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். விளைந்த நெல் வயலில் நின்றால் உதிரும், மழை அடித்தால் சாயும், சாய்ந்த நெல்லை மெசின் ஒழுங்காக வெட்டாது. நாலு மாத உழைப்பு நாலு நாளில் போகிற கட்டம் அது.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் மாமா முரசுமோட்டையில் இரண்டு ஏக்கர் குத்தகைக்குச் செய்தார். ஒரு காலபோகம், நெல் பழுத்து நிற்கிறது, வெட்டும் மெசினுக்குச் சொல்லி வைத்து ஆறு நாள். ஒவ்வொரு நாளும் காலையில் வரம்பில் போய் நிற்பார், தூரத்தில் மெசின் சத்தம் கேட்கும், அது வேறு யாருடையதோ வயலுக்குப் போகும். ஏழாம் நாள் மழை. அவரிடம் போன் இருந்தது, மெசின்காரரின் நம்பரும் இருந்தது, மழை வரும் என்றும் தெரிந்திருந்தது. அவருக்குத் தகவல் ஒன்றும் குறையவில்லை. இதைக் கொஞ்சம் மனதில் வைத்திருங்கள், திரும்ப வருவேன்.

இப்போது ஆட்கள். "இளைய கமக்காரர், வயதான கமக்காரர், படித்தவர், படிக்காதவர்" என்று பிரிக்காதீர்கள். வயது வேறாக இருந்தாலும் மெசினுக்குக் காத்திருக்கும்போது இருவரும் ஒரே வரம்பில்தான் நிற்கிறார்கள். அறுவடை நேரத்தில் யாருடைய நிலைமை யாரிடமிருந்து வேறுபடுகிறது என்று பாருங்கள். பெரிய வயல்காரருக்கு 20 ஏக்கர் ஒரே இடத்தில் இருக்கும், மெசின் தானாகத் தேடி வரும். சொந்த மெசின் வைத்திருப்பவருக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. இரண்டு மூன்று ஏக்கர்காரர், அதுவும் வாய்க்காலின் நடுவிலோ கடைசியிலோ இருப்பவர், எப்போதும் பிந்துகிறார். அடுத்த பக்கத்தில் மெசின் உரிமையாளர், அதை ஓட்டுகிறவர், நடுவில் கொப்பியும் போனுமாக நின்று "இன்றைக்கு இவருக்கு, நாளைக்கு அவருக்கு" என்று வரிசை போடுகிறவர். சில ஊரில் அவர் தரகர், சில ஊரில் கமக்கார அமைப்பில் உள்ள ஒருவர்.

நான் எடுப்பது இரண்டு மூன்று ஏக்கர்காரரை. ஏன் என்பதை அந்த இடத்திலேயே சொல்லிவிடுவேன்: எண்ணிக்கையில் அதிகம், பிந்தினால் தாங்கும் சக்தி குறைவு, இப்போது இருக்கிற வழி அவருக்குத்தான் வேலை செய்யவில்லை.

பல பேர் இங்கே நின்றுவிடுகிறார்கள். இன்னொரு கேள்வி இருக்கிறது, நான் ஒவ்வொரு பேச்சிலும் சொல்கிறேன், இன்றைக்கும் சொல்கிறேன்: கஷ்டம் யாருடையது, சாமான் யாருடைய கையில் இருக்கப் போகிறது? இரண்டும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. மாமாவை யோசித்துப் பாருங்கள். அவர் கையில் எந்தச் செயலியைக் கொடுத்திருந்தாலும் அந்த ஆறு நாள் குறைந்திருக்காது. அவருடைய ஆறு நாளைத் தீர்மானித்தது இன்னொருவருடைய கொப்பி. அதனால் நன்மை போக வேண்டியது இரண்டு ஏக்கர்காரருக்கு, கையில் பிடிக்கிறவர் வரிசை போடுகிறவர். இதைச் சொன்னதும் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார், ஏனென்றால் முக்கால்வாசிப் பேர் கமக்காரர் கையில் செயலியைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுவார்கள்.

இனி, ஏன் பிந்துகிறது? மெசின் குறைவு என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் மெசினை நாம் கட்ட முடியாது. இருக்கிற மெசினின் நாள் எங்கே போகிறது என்று கணக்குப் போடுங்கள். இலக்கங்கள் என் ஊகம் என்று முதலே சொல்லிவிட்டு, பலகையில் எழுதிக் காட்டுங்கள். காலையில் பனி ஈரம் காயும் வரை வெட்ட முடியாது, ஆக ஒன்பது மணிக்குத் தொடங்கி மாலை ஆறு வரை 9 மணித்தியாலம். ஒரு ஏக்கருக்கு ஒரு மணித்தியாலம் என்று வைப்போம். இரண்டு ஏக்கர்த் துண்டுகள் ஆளுக்கொரு திசையில் கிடந்தால், சங்கிலிச் சில்லு மெசினை லொறியில் ஏற்றி இறக்கி நகர்த்த ஒவ்வொரு முறையும் 40 நிமிடம். மூன்று துண்டு வெட்ட 7 மணி 20 நிமிடம் போகும், நாலாவதைத் தொடங்கினால் இருட்டிவிடும். அன்றைக்கு 6 ஏக்கர். அதே துண்டுகள் ஒரு வாய்க்காலில் அடுத்தடுத்து இருந்தால் நகர 10 நிமிடம் போதும், நாலு துண்டும் எட்டரை மணித்தியாலத்தில் முடியும். 8 ஏக்கர். ஒரு புது மெசினும் வாங்காமல் மூன்றில் ஒரு பங்கு கூடுதல்.

இந்த இடத்துக்கு வந்த பிறகு எதைக் கட்டுவது என்ற கேள்வி எவ்வளவு இலகுவாகிவிட்டது பாருங்கள். மூன்று யோசனை வைப்போம். ஒன்று, முச்சக்கர வண்டி கூப்பிடுகிற மாதிரி மெசின் கூப்பிடும் செயலி. எல்லோரும் ஒரே கிழமையில் கூப்பிடுவார்கள், மெசின்களின் எண்ணிக்கை கூடப்போவதில்லை, காசு கூடக் கொடுக்கிறவருக்கு முதலில் போகும், நான் தெரிவு செய்த ஆள் இன்னும் பின்னால் தள்ளப்படுவார். இரண்டு, கூலி விலையை ஒப்பிட்டுக் காட்டுவது. அவருடைய பிரச்சினை கூலி இல்லை, நாள். மூன்று, ஒரே வாய்க்காலில் இருக்கும் சிறு துண்டுகளைச் சேர்த்து ஒரு நாள் வேலையாகக் கட்டிக் கொடுப்பது, அதாவது வரிசை போடுகிறவரின் கொப்பிக்குப் பதிலாக ஒரு பட்டியல். துண்டு எங்கே, எத்தனை ஏக்கர், எப்போது வெட்டலாம், இவ்வளவுதான். கமக்காரருக்குச் செயலியே வேண்டாம், "உங்கள் முறை வியாழன்" என்று ஒரு குறுஞ்செய்தி போதும். மூன்றாவதுதான் என் தெரிவு. ரைஸ் என்று புள்ளி போடும் முறை இருக்கிறது, எத்தனை பேருக்குப் போகும், எவ்வளவு மாற்றம், எவ்வளவு நம்பிக்கை, எவ்வளவு உழைப்பு என்று. தெரிந்தால் போடுங்கள், ஆனால் ஆளைத் தெரிவு செய்யாமல் புள்ளி போட்டால் அந்தப் புள்ளிக்கு அர்த்தம் கிடையாது.

பிறகு அவர்கள் குத்துவார்கள், குத்த வேண்டும். "பக்கத்து வயல்கள் ஒரே நாளில் விளையுமா?" நியாயமான கேள்வி. பிஜி 300 மூன்று மாதத்து நெல், ஏ.ரி. 362 மூன்றரை மாதம், பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் நாள் வேறு. காலபோகத்தில் மழையைப் பார்த்து ஆளுக்கொரு நாளில் விதைப்பவர்கள் உண்டு. சிறுபோகத்தில், இரணைமடு மாதிரிக் குளத்துக்குக் கீழே, கூட்டம் வைத்துத் தண்ணீர் திறக்கும் நாளை முடிவு செய்வதால் ஒரு வாய்க்காலில் விதைப்பு நெருங்கி வரும். ஆகவே நான் சிறுபோகத்தில், ஒரு வாய்க்காலில், 20 துண்டுகளோடு, செயலி எழுதாமல் ஒரு அட்டவணையும் போனும் வைத்துச் செய்து பார்ப்பேன் என்று சொல்லுங்கள். நாட்கள் நெருங்கி வரவில்லை என்றால் யோசனையை விட்டுவிடுவேன் என்றும் சொல்லுங்கள். "வரிசை போடுகிறவர் ஏன் சம்மதிப்பார்?" என்பது அடுத்தது, இதுதான் கடினம். முன்னுரிமை கொடுப்பதால் அவருக்கு ஏதாவது வருமானம் இருந்தால் வெளிப்படையான பட்டியல் அவருக்கு நட்டம். மெசின் நாளுக்கு இரண்டு ஏக்கர் கூட வெட்டுவதில் அவருக்கும் பங்கு வருகிற மாதிரி அமைக்க வேண்டும், இல்லையென்றால் கமக்கார அமைப்பு வரிசை போடும் ஊரில் தொடங்க வேண்டும்.

அளவுகோல் கேட்டால், எத்தனை பேர் பதிவு செய்தார்கள் என்று சொல்லாதீர்கள். மூன்று ஏக்கருக்குக் குறைந்த வயல்களில், வெட்டலாம் என்று சொன்ன நாளுக்கும் வெட்டிய நாளுக்கும் இடையில் எத்தனை நாள். அதோடு ஒரு காவல் அளவுகோல், அதாவது நம் யோசனையால் யாருக்காவது பாதிப்பு வருகிறதா என்று காட்டுவது: எந்தத் தொகுப்பிலும் சேராமல் தனித்து விடப்பட்ட துண்டுகள் எத்தனை. சேர்த்துக் கட்டும் முறையில் ஒதுக்குப்புறமாக ஒற்றையாகக் கிடக்கும் வயல் முன்னையை விடப் பிந்தலாம், அதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

தங்கச்சி, உங்கள் 12 வசதிகளையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கஷ்டம் யாருடையது, கையில் பிடிக்கிறவர் யார் என்று இரண்டு பெயர் எழுதி எனக்கு அனுப்புங்கள். அடுத்த கிழமை அதையே எடுத்துப் பேசுவோம்.