வைஸின் பின்கால் தூக்காமல் இருக்க

நேயர்களுக்கு வணக்கம். மார்த்தாண்டம் பக்கத்தில் ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர்களைப் பழுது பார்க்கும் வேலையில் எனக்கு முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. வீட்டிலோ சின்னப் பட்டறையிலோ மர மேசை போட்டு அதில் ஒரு இரும்பு வைஸ் மாட்டியிருப்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அந்த வைஸை மேசையில் எப்படிப் பிடிப்பது என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

தேங்காப்பட்டணம் போகிற வழியில் ஒரு தம்பி படகு இன்ஜின் வேலை செய்கிறார். புதிதாக நாலு இஞ்ச் வைஸ் வாங்கியிருந்தார். ஒரு நாள் போன் செய்தார். "அண்ணாச்சி, வைஸ் ஆடுது. ஸ்குரூவை எத்தன தடவ முறுக்கினாலும் ரெண்டு நாள்ல லூசாயிருது."

"எதுல பிடிச்சிருக்க மக்கா?"

"மேசைப் பலகையில நாலு பெரிய மர ஸ்குரூ போட்டிருக்கேன் அண்ணாச்சி."

நேரில் போய்ப் பார்த்தேன். அயினிப் பலகை, 32 மில்லிமீட்டர் கனம். நல்ல மரம், குறை சொல்ல முடியாது. அவரை வைஸின் கைப்பிடியைப் பிடித்து ஆட்டச் சொன்னேன். வைஸின் அடிப்பாகமும் பலகையும் சேரும் இடத்தில், பின்பக்கமாக, என் விரல் நுனியை வைத்தேன். இது கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். ஒவ்வொரு ஆட்டுக்கும் பின்கால் எழும்பி எழும்பி உட்கார்ந்தது. முன்கால் அசையவே இல்லை. நீங்களும் வீட்டில் இப்படி விரல் வைத்துப் பாருங்கள்.

ஏன் பின்பக்கம் மட்டும்? வைஸில் ஒரு கம்பியை நட்டமாகப் பிடித்து வளைக்கிறோம் என்று வையுங்கள். மேசையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் கம்பியைப் பிடித்து நம் பக்கமாக 20 கிலோ பலத்தில் இழுக்கிறோம். வைஸ் தன் முன் விளிம்பை ஊன்றிக்கொண்டு பின்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும். கடப்பாரையால் கல்லைப் புரட்டுகிற கணக்குதான். முன் விளிம்பிலிருந்து பின் துளைகள் 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்கின்றன. 60ஐ 15ஆல் வகுத்தால் 4. ஆக 20 கிலோ இழுப்பு பின்னால் 80 கிலோ தூக்கலாகிறது. இரண்டு ஸ்குரூவும் பங்கிட்டால் ஆளுக்கு 40 கிலோ.

நல்ல அயினியில் இறங்கிய ஸ்குரூ ஒருமுறை 40 கிலோவைத் தாங்கும். ஆனால் நாம் ஒருமுறையா இழுக்கிறோம்? இழுக்கிறோம், தள்ளுகிறோம், சுத்தியால் அடிக்கிறோம். ஒவ்வொரு தடவையும் ஸ்குரூவின் மரை தன்னைச் சுற்றியுள்ள மரநாரைக் கொஞ்சம் கொஞ்சமாக நசுக்குகிறது. நசுங்கிய நார் திரும்ப எழாது. அதனால்தான் தம்பி முறுக்க முறுக்க லூசானது. நசுங்கிய ஓட்டையில் எவ்வளவு முறுக்கினாலும் பிடிப்பு வராது.

போல்ட்டு போட்டால் கதை வேறு. பலகையை முழுதாகத் துளைத்து, மேலே தலையும் அடியில் நட்டுமாக இறுக்கும்போது மரநார் மரையைப் பிடிக்க வேண்டியதே இல்லை. வைஸுக்கும் நட்டுக்கும் நடுவில் மரம் அழுத்தி நிற்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

போல்ட்டு மட்டும் போதாது. இதை நான் எங்கே போனாலும் சொல்வேன், இங்கேயும் சொல்கிறேன். எடவப்பாதி மழையில் நம் மரங்கள் ஊதும். போல்ட்டு நீளாது. அப்போது நட்டின் கீழிருக்கும் சின்ன வாஷர் மரத்துக்குள் பதியும். மாசி, பங்குனி வெயிலில் மரம் பழையபடி சுருங்கும்போது வாஷர் பதிந்த அளவுக்கு இடைவெளி விழும். வெறும் அரை மில்லிமீட்டர்தான். ஆனால் 12 மில்லிமீட்டர் போல்ட்டில் அரை மில்லிமீட்டர் என்றால் நட்டைக் கால் சுற்றுக்கு மேல் திருப்பிய அளவுக்கு லூஸ். அதைத் தடுக்கத்தான் அடியில் இரும்புத் தகடு வேண்டும். அழுத்தம் நாலு வாஷரில் குவியாமல் தகடு முழுதும் பரவும், மரம் நசுங்காது.

தம்பியின் மேசையில் செய்ததைச் சொல்கிறேன். முதலில் இடம். பழைய இடம் மேசையின் நடுவில் இருந்தது. அங்கே பலகை தாளம் போடும். அதனால் காலுக்குப் பக்கத்துக்கு மாற்றினோம். நேர் காலின் மேல் வைக்கக் கூடாது, போல்ட்டு இறங்க வழியிருக்காது, ஸ்பேனரும் போகாது. அப்புறம், வைஸின் அசையாத தாடையின் முகம் மேசை விளிம்பைவிட ஒரு விரல் கனமாவது வெளியே நிற்க வேண்டும். இல்லையென்றால் நீளக் கம்பியை நட்டமாகப் பிடிக்கும்போது அது மேசையில் இடிக்கும்.

பலகைக்கு அடியில் 38 மில்லிமீட்டர் கனத்தில் இன்னொரு அயினித் துண்டைப் பசை போட்டு ஒட்டினோம். அதன் நார் மேல்பலகையின் நார் ஓடும் திசையிலேயே ஓட வேண்டும். குறுக்கே வைத்தால் மழைக்கு ஒன்று ஒரு பக்கம் விரியும், இன்னொன்று விரியாது, ஒட்டு விட்டுவிடும். துண்டின் இரண்டு முனையும் மேசையின் குறுக்குச் சட்டங்களில் உட்காரும்படி வெட்டிக்கொண்டோம். அப்போதுதான் பலம் சட்டத்துக்குப் போய்க் காலில் இறங்கும். அதற்கும் அடியில் 6 மில்லிமீட்டர் தகடு, பழைய இரும்புக் கடையில் எடுத்தது.

போல்ட்டு நீளத்தைக் கடைக்குப் போகுமுன் கூட்டிக்கொள்ளுங்கள். போல்ட்டு இறங்கும் வைஸின் காது 14, பலகை 32, அடித்துண்டு 38, தகடு 6. மொத்தம் 90. வாஷர் 3, நட்டு 10, அதைப் பூட்டும் இரண்டாவது நட்டு 10, அதையும் தாண்டி இரண்டு மூன்று மரைக்கு 5. எல்லாம் 118. கடையில் 120 மில்லிமீட்டர் போல்ட்டு கிடைக்கும்.

துளை போடுவதில்தான் பலர் சிக்குகிறார்கள். 70 மில்லிமீட்டர் மரத்தில் டிரில் கொஞ்சம் சாய்ந்தாலும் அடியில் துளை நகர்ந்துவிடும். தகட்டில் முன்கூட்டியே அளந்து ஓட்டை போட்டால் பொருந்தாது. அதனால் முதலில் வைஸை வைத்து மரத்தில் அடையாளம் போடுங்கள். 4 மில்லிமீட்டர் பிட்டால் முழுதும் ஊடுருவுங்கள். பிறகு 13 மில்லிமீட்டர் பிட்டால் பாதி மேலிருந்தும் பாதி கீழிருந்தும் துளையுங்கள், அடியில் சிம்பு பெயராது. கடைசியில் தகட்டை அடியில் பிடித்து, மரத்துளை வழியாகவே அடையாளம் எடுத்துத் தகட்டைத் துளையுங்கள். மரம் எப்படிச் சாய்ந்திருந்தாலும் தகடு அதற்கு ஒத்துப் போகும்.

இறுக்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். வைஸின் காது வார்ப்பிரும்பு. அது வளையாது, உடையும். பலகையில் மேடு இருந்து நாலு காதும் சமமாக உட்காரவில்லையென்றால், ஸ்பேனரை இழுத்த இழுப்பில் ஒரு காது படக்கென்று விரிசல் விடும். என் முதல் வைஸை அப்படித்தான் இழந்தேன், சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இறுக்குமுன் ஒவ்வொரு காதின் அடியிலும் காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது, நுழையாத இடத்து மேட்டைச் சீவி விடுங்கள். பிறகு எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

கடல் காற்றில் துரு பிடிக்காமல் பார்ப்பது பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன், நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். சுருக்கமாக: நட்டின் மரையில் கிரீஸ் தடவி மாட்டுங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது நட்டு ஒன்று போட்டுப் பூட்டுங்கள், முதல் வருடம் பங்குனியில் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். வைஸைச் சுற்றிச் செம்பழுப்புப் பொடி தெரிந்தால் அது அசைகிறது என்று அர்த்தம். வணக்கம்.