ஆம்பியர் முள் சொல்லும் சேதி

நேயர்களுக்கு வணக்கம். போர்வெல் மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் பாதிதான் விழுகிறது. உடனே வண்டியை வரவழைத்துக் குழாயை உருவத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன் பேனல் பெட்டியில் உள்ள ஆம்பியர் மீட்டரைக் கால் மணி நேரம் பார்த்தால் போதும், பாதி விடை கிடைத்துவிடும்.

பல்லடம் பக்கத்துத் தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார், நன்றாக ஓடியபோது 9.5 ஆம்பியர் காட்டியது. இப்போது சுவிட்சைப் போட்டதும் அதே 9.5, தண்ணீரும் நன்றாகவே வருகிறது. பத்து நிமிடத்தில் குழாய் வாய் குமிழி கக்குகிறது, முள் 9-க்கும் 6-க்கும் இடையே ஆடுகிறது, பிறகு 6-இல் நின்று காற்று சீறுகிறது. சில மணி நேரம் ஓய்வு கொடுத்துப் போட்டால் மறுபடி இதே கதை. இங்கே பம்பு நல்ல பம்பு. போரில்தான் ஊற்றுப் போதவில்லை. தூக்கத் தண்ணீர் இல்லாததால் சுமை குறைகிறது, மின்னோட்டமும் இறங்குகிறது. ஆனால் பூஜ்யத்துக்குப் போகாது. காந்தப்புலத்துக்கு வேண்டிய மின்னோட்டம் வெறும் சுழற்சியிலும் ஓடிக்கொண்டே இருக்கும். ‘ஆறு காட்டுகிறதே’ என்று நிம்மதியாக இருந்தால் பம்பின் புஷ்கள் தேய்ந்து தீரும், அவற்றுக்குத் தண்ணீர்தான் எண்ணெய்.

போட்ட நொடியிலிருந்தே 8 ஆம்பியர், முள் ஆடவில்லை, குமிழி இல்லை, ஓய்வுக்குப் பிறகும் அதே மெலிந்த தண்ணீர் என்றால் சந்தேகம் பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் மேல் விழும். மணல் அரித்த இம்பெல்லர் தண்ணீரை மேலே தள்ளாமல் உள்ளேயே சுழலவிடுகிறது. ஆனால் அவசரப்பட வேண்டாம். நீர்மட்டம் வெகுவாக இறங்கியிருந்தாலும் நல்ல பம்பு இதே அளவைத்தான் காட்டும். மின்வாரிய வேலைக்கு மறுநாள் தொடங்கிய குறை என்றால், முதலில் இரண்டு முனைகளை மாற்றிப் பாருங்கள். மோட்டார் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருக்கலாம்.

மிச்சச் சந்தேகத்தைப் பிரஷர் கேஜ் தீர்க்கும். மோட்டார் ஓடும்போதே நீர்மட்டத்தை அளந்துகொள்ளுங்கள். 110 மீட்டர் என்று வையுங்கள். குழாய் தாங்கும் என்றால், கேட் வால்வை அரை நிமிடம் மட்டும் மூடுங்கள். பம்பின் அட்டவணைப்படி வால்வு மூடிய நிலையில் அது தள்ளும் உயரம் 180 மீட்டர் என்றால், மிச்சம் 70 மீட்டர். கேஜ் ஏறக்குறைய 7 கிலோ காட்ட வேண்டும். நான்கிலேயே நின்றால் ஸ்டேஜ்கள், அதாவது அடுக்கடுக்காக உள்ள இம்பெல்லர்கள், தேய்ந்திருக்கலாம். ஆனால் குழாயில் ஓட்டை இருந்தாலும் அழுத்தம் ஏறாது. போர் வாயில் காது வையுங்கள். உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டால் குழாய் ஒழுகுகிறது.

பேனலில் வறட்சிப் பாதுகாப்பு இருந்தால், அதை நல்ல நாளின் அளவில் 80 சதவீதத்துக்கு, இங்கே ஏழரை ஆம்பியருக்கு, வையுங்கள். அந்த நல்ல நாளின் ஆம்பியரையும் வோல்டேஜையும் பேனல் கதவின் உட்புறம் எழுதி வைத்திருந்தால்தான் இது முடியும்.