பெரிய இரிடியம் சோர்ஸ் வாங்கினால் நேரம் மிச்சமா?

"அண்ணே, ரேடியோகிராஃபி எடுப்பது 8 அங்குலக் குழாய், சுவர் 12.7 மி.மீ. சோர்ஸ் 80 கியூரியாக இருந்தபோது 30 விநாடியில் பிலிம் நன்றாக வந்தது. இப்போது 5 மாதம் ஆகிவிட்டது, எவ்வளவு நேரம் வைக்க வேண்டும்? இல்லை, புதிதாக 100 கியூரி வாங்கிவிடலாமா?" - டர்பனிலிருந்து ஒரு நண்பர்

தம்பி, முதல் பாதிக்கு உடனே பதில் உண்டு. இரிடியம்-192 ஏறக்குறைய 74 நாளுக்கு ஒருமுறை பாதியாகும், 5 மாதத்தில் இரண்டு தடவை பாதியாகி உங்களிடம் இப்போது 20 கியூரி அளவில்தான் இருக்கும். குழாய், பிலிம், தூரம் எதையும் மாற்றாவிட்டால் நான்கு மடங்கு, அதாவது 2 நிமிடம் வையுங்கள். சோர்ஸோடு வந்த சான்றிதழில் எந்தத் தேதிக்கு எத்தனை கியூரி என்று இருக்கும், அந்தத் தேதியிலிருந்து எண்ணுங்கள், சோர்ஸ் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து இல்லை.

100 கியூரி வாங்குவதில்தான் சிக்கல். இந்த 8 அங்குலக் குழாய்க்கு அது 24 விநாடி, பரவாயில்லை. ஆனால் ரிஃபைனரி ஷட்டவுனில் 8 அங்குலம் மட்டுமா வரும்? 4 அங்குலக் குழாய், சுவர் 8.6 மி.மீ என்று வைத்துக்கொள்ளுங்கள். சோர்ஸைக் குழாயின் ஒரு பக்கத்தில் ஒட்டி வைத்து எதிர்ப்பக்கம் பிலிம் கட்டினால் தூரம் 219-லிருந்து 114 மி.மீ ஆகிறது, தூரம் பாதியானால் நேரம் கால்வாசியாகும். இரண்டு சுவரும் சேர்ந்த இரும்பு 25-லிருந்து 17 மி.மீ ஆகக் குறைகிறது, இரிடியத்துக்குச் சுமார் 13 மி.மீ இரும்பு பாதியைத் தடுக்கும் என்பதால் இதிலும் நேரம் குறையும். எல்லாம் போட்டுப் பார்த்தால் 100 கியூரிக்குச் சுமார் 4 விநாடிதான் வரும்!

கிராங்கைச் சுற்றி சோர்ஸ் கைடு டியூப் வழியாகப் போய்ச் சேரவும் திரும்பவும் சில விநாடி பிடிக்கும், அப்போதும் பிலிம் கறுக்கும், ஆளுக்கு ஆள் சுற்றும் வேகமும் வேறு. அதனால் ஒரே குழாயில் ஒரு ஷாட் டென்சிட்டி 2-க்குக் கீழே, அடுத்தது 4-ஐத் தாண்டி. பிலிமுக்குப் பிலிம் இப்படித் தாவினால் டெவலப்பரைத் திட்டுவதற்கு முன்னால் ஷாட் நேரத்தைப் பாருங்கள். 20 கியூரியில் இதே குழாய்க்குச் சுமார் 20 விநாடி கிடைக்கும், கை சமாளிக்கும். (இவ்வளவு மெல்லிய சுவரில் இரிடியத்தின் கான்ட்ராஸ்ட் எப்படியும் குறைவுதான், செலினியம்-75 கிடைத்தால் அதுவே நல்லது.)

இன்னொன்று, கதிர்வீச்சுப் பக்கம் ஆள் வராமல் கயிறு கட்டும் தூரம் 100 கியூரிக்கு 20 கியூரிக்கு வேண்டியதைப்போல 2.2 மடங்கு. பக்கத்து யூனிட்டில் ஆள் வேலை செய்யும் இடத்தில் அவ்வளவு இடத்தைக் காலி செய்யச் சொன்னால், ஷாட்டில் மிச்சம் பிடித்த விநாடியெல்லாம் அந்தக் காத்திருப்பிலேயே போய்விடும்.

50 மி.மீ தகடு அடிக்கடி வருகிறதென்றால் பெரியதை வாங்குங்கள். உங்களுக்குக் குழாய்கள்தான் அதிகம் என்றால் 40 கியூரியில் புதியது போதும்.