தடங்கலுக்கு வருந்துகிறோம்

நேயர்களுக்கு வணக்கம். தொலைக்காட்சி வந்த புதிதில், ஒளியும் ஒலியும் பார்த்துக்கொண்டிருக்கும்போது பாடலின் நடுவே படம் நின்றுபோய், திரையில் "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்ற இரண்டு சொற்கள் மட்டும் தோன்றும் காட்சி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஐந்து நிமிடத் தடங்கலுக்கு அந்த இரண்டு சொற்கள் போதுமானவையாகவே இருந்தன. ஒரு நாள் முழுவதும் இணையமோ தொலைபேசியோ இயங்காமல் போன பிறகும் நிறுவனங்கள் அதே இரண்டு சொற்களைச் சற்று நீட்டி அனுப்புகின்றன என்பதுதான் என் நெடுநாளைய கவலை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர்களுக்கு எழுதும் கடிதங்களைத் திருத்தி எழுதுவதே என் வேலையாக இருந்து வருகிறது. அந்த அனுபவத்திலிருந்து ஒரே ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு இன்று பேச விரும்புகிறேன்.

ஒரு நிறுவனத்தின் வீட்டு இணையமும் தொலைபேசியும் ஒரு வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கு நின்று, சனிக்கிழமை காலை 8 மணிக்குத்தான் திரும்பின. என் மேசைக்கு வந்த வரைவு இதுதான்: "எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறு காரணமாக எங்கள் சேவையில் ஏற்பட்ட தடங்கலால் வாடிக்கையாளர்களுக்கு ஏதேனும் அசௌகரியம் ஏற்பட்டிருப்பின் அதற்காக வருந்துகிறோம். தங்கள் பொறுமைக்கு நன்றி." இலக்கணப் பிழை எதுவும் இல்லை, பணிவும் இருக்கிறது. ஆயினும், அந்த 26 மணி நேரத்தைக் கடந்து வந்த ஒருவர் இதைப் படித்தால், முன்பைவிடக் கூடுதலாகவே கோபம் கொள்வார்.

அதற்கான காரணத்தை ஒவ்வொரு சொல்லாகப் பார்ப்போம். "எதிர்பாராத" என்ற சொல்லை முதலில் எடுத்துவிட்டேன். அன்று காலை நிறுவனமே நாள் குறித்துச் செய்த பராமரிப்புப் பணியில்தான் தவறு நடந்திருந்தது. அது வெளியே தெரிய வரும் நாளில், இந்த ஒரு சொல்லுக்காகவே கடிதம் முழுவதும் பொய்யாகத் தோன்றிவிடும். அடுத்து, "ஏற்பட்ட", "ஏற்பட்டிருப்பின்" என்று ஒரே வாக்கியத்தில் இரண்டு முறை வரும் வினை. தமிழில் "ஏற்படு", "நேர்" ஆகிய வினைகள் மழைக்கும் புயலுக்கும் பொருந்துபவை. செய்தவர் யார் என்பதைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிட அவை இடம் கொடுக்கின்றன. படிப்பவருக்கோ, யார் செய்தார்கள் என்பதே முதல் கேள்வி. மூன்றாவதாக, "ஏதேனும்", "இருப்பின்" என்னும் ஐயச் சொற்கள். 26 மணி நேரம் இணையம் இல்லாதவரிடம், உங்களுக்குத் துன்பம் இருந்ததோ என்னவோ என்று சொல்வதாகவே அவை ஒலிக்கும். நான்காவது, "பொறுமைக்கு நன்றி". உதவி எண்ணுக்கு நாற்பது முறை அழைத்தவர் பொறுமையாக இருக்கவில்லை. அப்படி இருந்திருக்க வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. அவர் கொடுக்காத ஒன்றுக்கு நன்றி சொன்னால், அவருடைய கோபத்தை நாம் காதில் வாங்கவில்லை என்றுதான் பொருள்.

இங்கே தமிழில் உள்ள ஒரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். நமக்கு "நாம்" என்றும் "நாங்கள்" என்றும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. நெருக்கம் காட்டும் ஆசையில், "நாம் அனைவரும் ஒரு கடினமான நாளைக் கடந்து வந்திருக்கிறோம்" என்று எழுதித் தருவோர் உண்டு. தவறு செய்தவரையும் அதனால் அவதிப்பட்டவரையும் அந்த "நாம்" ஒரே பக்கத்தில் நிறுத்திவிடுகிறது. மன்னிப்புக் கடிதத்தில் தொடக்கம் முதல் இறுதிவரை "நாங்கள்" என்பதே இருக்க வேண்டும். "நம் சேவை", "நம் நெட்வொர்க்" என்பவைகூட வேண்டாம். என்னிடம் வரும் எந்த வரைவிலும் நான் முதலில் தேடித் திருத்துவது இந்த ஒரு சொல்லைத்தான்.

திருத்திய பிறகு கடிதம் இப்படித் தொடங்கியது: "வெள்ளிக்கிழமை காலை 6 மணி முதல் சனிக்கிழமை காலை 8 மணி வரை, 26 மணி நேரம், உங்கள் வீட்டு இணையமும் தொலைபேசியும் வேலை செய்யவில்லை. பராமரிப்புப் பணியில் நாங்கள் செய்த தவறே அதற்குக் காரணம். அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம்." வருந்துகிறோம் என்பது நம் மனநிலையைச் சொல்கிறது, எதிர்வீட்டார் துக்கத்துக்கும் நாம் வருந்தலாம். மன்னிப்புக் கேட்பதோ தவறை ஏற்றுக்கொண்டவர் மட்டுமே செய்யக்கூடியது. நிறுவனத்தின் சட்டப் பிரிவு "தவறு" என்ற சொல்லை எதிர்த்தது. அவர்களுடைய அச்சம் நியாயமற்றது அல்ல. அரை நாள் பேசிய பின், "நாங்கள் செய்த ஒரு மாற்றமே அதற்குக் காரணம்" என்பதில் உடன்பட்டோம். செய்தவர் யார் என்பது அதிலும் மறையவில்லை என்பதால் நான் ஒப்புக்கொண்டேன். மீண்டும் "ஏற்பட்டது" என்பதற்குத் திரும்பியிருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

சரி, காரணம் உறுதியாகத் தெரியாத நிலையில் என்ன செய்வது? கனடாவின் ரோஜர்ஸ் என்னும் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சேவை 2022 ஜூலை 8 அதிகாலையில் நின்றுபோனதை எடுத்துக்கொள்வோம். 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் அதனால் பாதிக்கப்பட்டார்கள். டொராண்டோவில் உறவினர் உள்ளவர்களுக்கு அந்த நாள் மறந்திருக்காது. இன்டராக் என்னும் டெபிட் பணப்பரிமாற்றமும் நின்றதால் கடைகளில் அட்டை எடுபடவில்லை. பலரால் 911 என்னும் அவசர உதவி எண்ணை எட்ட முடியவில்லை. மறுநாள் அதன் தலைமை நிர்வாகி டோனி ஸ்டாஃபியரி எழுதிய கடிதத்தில், முதன்மை நெட்வொர்க்கில் செய்த பராமரிப்பு மாற்றத்தைத் தொடர்ந்து சில ரவுட்டர்கள் கோளாறாயின என்ற அளவுக்குக் காரணத்தைச் சுருக்கிவிட்டதாக இப்போது கருதுகிறோம் என்று இருந்தது. "கருதுகிறோம்" என்ற அந்தச் சொல் நல்ல தேர்வு. தெரிந்த அளவைத் தெரிந்த அளவாகவே அது சொல்கிறது. பின்னர் விசாரணையில் விவரம் கூடினாலும் முன்பு எழுதியது பொய்யாகிவிடாது.

அதே நிகழ்வில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முதலில் 2 நாள் கட்டணத்தைக் கழிப்பதாகச் சொன்ன நிறுவனம், சில நாட்களில் அதை 5 நாள் என்று உயர்த்தியது. உயர்த்தியதில் தவறில்லை. ஆனால் முதலில் அறிவிக்கும் தொகை சிறிதாக இருந்தால், அதைச் சுற்றி எழுதப்படும் சொற்கள் பெரிதாக இருக்கக் கூடாது. இரண்டு நாள் கட்டணத்தை அறிவிக்கும் இடத்தில் "மகிழ்ச்சியுடன் வழங்குகிறோம்" என்று எழுதினால் அது பரிசு போலாகிவிடும். அவர் பெறாத சேவைக்கான பணம் அவருடையதுதான். ஆகவே நான் திருத்திய கடிதத்தில், "அந்த நாட்களுக்கான கட்டணத்தை அடுத்த பில்லில் நாங்களே கழித்துவிடுகிறோம்; நீங்கள் விண்ணப்பிக்க வேண்டியதில்லை" என்று மட்டும் எழுதினேன். "மகிழ்ச்சி", "சலுகை", "நல்லெண்ணம்" ஆகிய மூன்று சொற்களுக்கும் அந்தப் பத்தியில் இடம் கொடுக்கவில்லை.

பணிவு மிகுந்துவிட்டாலும் இடர்தான். "தாழ்மையுடன்", "எல்லையற்ற வேதனையுடன்" என்றெல்லாம் அடுக்கும்போது, படிப்பவர் எழுதியவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார். ஒரு கடிதத்தில் ஒரு முறை, தொடக்கத்திலேயே, மன்னிப்புக் கேட்டால் போதும்.

எனக்குத் தரப்பட்ட நேரம் முடியப்போகிறது. குறுஞ்செய்தியைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. குறுஞ்செய்தியில் இடம் போதாதபோது நிறுவனங்கள் காரணத்தையும் கால அளவையும் வெட்டிவிட்டு, வருந்துகிறோம் என்பதை வைத்துக்கொள்கின்றன. எத்தனை மணி நேரம், யாரால், பணம் எப்போது என்ற மூன்றையும் வைத்துக்கொண்டு, முகமன் சொற்களை வெட்டுங்கள். அவசர அழைப்பு கிடைக்காமல் போனவர்களுக்கு அந்தக் குறுஞ்செய்தியையும் பொதுக் கடிதத்தையும் அனுப்பவே கூடாது. அவர்களைத் தனியாகத் தொலைபேசியில் அழைத்து, நடந்ததை அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கேட்க வேண்டும். வணக்கம்.